இருபது வரியில் ஒரு வாரம்

ஜூன் மாதம் பள்ளி திறந்து சில நாட்களில் டைம்டேபிள் வந்துவிடும். வகுப்பு ஆசிரியரிடம் அது ஒரு தாளில் இருக்கும், அல்லது எக்செல் கோப்பில் இருக்கும். ஐந்து நாட்களுக்கு ஐந்து வரிசை, எட்டு பீரியடுக்கு எட்டுக் கட்டம். தாளில் பார்க்கும்போது அதில் ஒரு குறையும் இல்லை. அதையே அப்படியே காப்பி செய்து பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போடும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. போனில் வந்து விழுவது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

```
கிழமை 1 2 3 4 5 6 7 8
திங்கள் தமிழ் கணக்கு ஆங்கிலம்
அறிவியல் சமூகம் கணக்கு தமிழ்
விளையாட்டு
செவ்வாய் தமிழ் கணக்கு அறிவியல்
ஆங்கிலம் சமூகம் அறிவியல்
ஆங்கிலம் நூலகம்
```

இதில் ஒரு பாடமும் விட்டுப்போகவில்லை. ஆனாலும் செவ்வாய்க்கிழமை ஆறாவது பீரியட் என்ன என்று கேட்டால், விரலை வைத்து எண்ணித்தான் சொல்ல வேண்டும். திங்கள் எங்கே முடிகிறது, செவ்வாய் எங்கே தொடங்குகிறது என்பதே கண்ணுக்குச் சட்டென்று தெரிவதில்லை.

இதற்குப் பலரும் கண்டிருக்கும் வழி, தாளைப் போட்டோ எடுத்து அனுப்பிவிடுவது. போட்டோவில் கட்டங்கள் குலையாது, உண்மைதான். ஆனால் நான்கு பேர் கைமாறி வரும்போது எழுத்து மங்கிவிடும். பிள்ளைக்கு மட்டும் புதன்கிழமையை அனுப்பலாம் என்றால் அந்த ஒரு பகுதியைக் காப்பி செய்ய முடியாது. மூன்று வாரம் கழித்துக் குழுவில் 'புதன்' என்று தேடினால் போட்டோ அகப்படாது. பார்வைக் குறைபாடுள்ள பெற்றோரின் போன் செய்திகளை வாசித்துக் காட்டும். போட்டோ என்றால் படம் வந்திருக்கிறது என்பதைத் தாண்டி அவர்களுக்கு உதவாது. எழுத்தாக அனுப்பினால் இந்த நான்கும் தீரும். எழுத்து குலையாமல் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான். அதற்கு முதலில் அது ஏன் குலைகிறது என்று பார்க்க வேண்டும்.

கட்டம் ஏன் நிற்பதில்லை?

எக்செல்லிலிருந்து ஒரு வரிசையைக் காப்பி செய்தால், கட்டங்களுக்கு நடுவே இருந்த கோடுகள் கூட வருவதில்லை. கோட்டுக்குப் பதிலாக 'டேப்' என்கிற இடைவெளிக் குறி ஒன்று வருகிறது. எக்செல்லுக்கு அது 'அடுத்த கட்டத்துக்குப் போ' என்ற கட்டளை. அரட்டைச் செயலிக்கு அப்படி ஒரு கட்டமே தெரியாது. அங்கே அது வெறும் சிறிய இடைவெளியாக முடிந்துவிடுகிறது.

சரி, நாமே ஸ்பேஸ் தட்டித் தட்டி நேர்ப்படுத்தலாம் என்று நினைப்போம். தட்டும்போது நேராகத்தான் தெரியும். ஆனால் போனில் இருக்கும் எழுத்துருவில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒவ்வோர் அகலம். 'ர' ஒல்லி, 'ணை' அகலம். உங்கள் போனில் இருக்கும் எழுத்துரு வேறு, அடுத்தவர் போனில் இருப்பது வேறு. எழுத்தைப் பெரிதாக வைத்துப் படிக்கும் தாத்தா பாட்டியின் போனில் ஒரு வரிக்குக் கொள்ளும் எழுத்துகளே குறைவு. ஒரு வரி திரையின் அகலத்தைத் தாண்டினால் மீதி அடுத்த வரிக்கு மடியும். முதல் வரிசை மடிந்த உடனேயே அதற்குக் கீழே உள்ள எந்த நேர்க்கோடும் நிற்காது.

விவரம் தெரிந்தவர்கள் இங்கே ஒரு வழி சொல்வார்கள். வாட்ஸ்அப்பில் செய்தியின் முன்னும் பின்னும் சாய்ந்த ஒற்றைக் குறியை மும்மூன்று முறை போட்டால், எழுத்துகள் எல்லாம் ஒரே அகலத்தில் வரும் என்பார்கள். ஆங்கிலத்துக்கு அது சரி. தமிழுக்குச் செல்லுபடியாகாது. அந்த ஒரே அகல எழுத்துருவில் பெரும்பாலும் தமிழ் எழுத்துகளே இருப்பதில்லை. போன் வேறோர் எழுத்துருவிலிருந்து கடன் வாங்கிக் காட்டுகிறது. அகலம் மறுபடி ஆளுக்கு ஒன்றாகிவிடுகிறது.

கணினியை எண்ணி இடம்விடச் சொன்னாலும் தமிழில் கணக்குப் பொருந்தாது. எக்செல்லில் `=LEN("தமிழ்")` என்று போட்டுப் பாருங்கள். நம் கண்ணுக்கு த, மி, ழ் என்று மூன்று எழுத்து. எக்செல் 5 என்கிறது. இகரக் குறியையும் புள்ளியையும் அது தனித்தனியாக எண்ணுகிறது. 'அறிவியல்' நமக்கு ஐந்து எழுத்து, அதற்கு 8. ஆகவே எல்லாப் பெயரையும் பத்து இடத்துக்கு நிரப்பு என்று கணினியிடம் சொன்னால், தமிழுக்குப் பின்னால் ஐந்து ஸ்பேஸ் போடும், அறிவியலுக்குப் பின்னால் இரண்டு போடும். திரையில் இரண்டும் வேறு வேறு இடத்தில் போய் நிற்கும்.

இவ்வளவையும் பார்த்தபின் ஒரு முடிவுக்கு வந்துவிடலாம். அரட்டைச் செய்தியில் நேர்க்கோட்டை நம்பிப் பயனில்லை. கட்டத்தை எப்படிக் காப்பாற்றுவது என்று யோசிப்பதை விட்டுவிட்டு, கட்டம் சொன்ன செய்தியை வரிகளாக எப்படிச் சொல்வது என்று யோசிக்க வேண்டும்.

மாறுவதும் மாறாததும்

அட்டவணையை நாம் இரண்டு திசையில் படிக்கிறோம். இடமிருந்து வலமாகப் போனால் ஒரு நாள். மேலிருந்து கீழே போனால் ஒரு பீரியட். செய்தியில் ஒரே திசைதான் உண்டு, மேலிருந்து கீழே. எனவே இரண்டில் எதை வைத்துப் பிரிப்பது என்று முதலில் தீர்மானிக்க வேண்டும். வீட்டில் கேட்கப்படும் கேள்வியே இதற்கு விடை சொல்கிறது. இரவு பை அடுக்கும் பிள்ளையிடம் அம்மா கேட்பது 'நாளைக்கு என்னென்ன பாடம்?' என்றுதான். 'வாரம் முழுக்க மூன்றாவது பீரியட் என்னென்ன?' என்று எந்த வீட்டிலும் கேட்பதில்லை. ஆகவே நாளை வைத்துப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் தனிப் பத்தி.

அடுத்தது, நேரம். பள்ளியில் மணி அடிக்கும் நேரம் ஐந்து நாளும் ஒன்றே. அதை நாற்பது பீரியடுக்கும் நாற்பது முறை எழுதினால் செய்தி நீண்டு, பாடத்தின் பெயர் எண்களுக்கு நடுவே மறைந்துவிடும். மாறாத செய்தியை ஒரே ஒரு முறை மேலே சொல்லிவிட்டால் போதும். மாறுகிற பாடங்கள் மட்டும் நாள்தோறும் வரட்டும். எந்தப் பாடத்துக்கு எந்த ஆசிரியர் என்பதும் இப்படித்தான். தேவையென்றால் கடைசியில் ஒரு முறை எழுதினால் போதும், ஒவ்வொரு பாடத்துக்கும் பக்கத்தில் பெயர் வேண்டாம்.

இப்போது ஒரு நாளின் எட்டுப் பாடங்களை எப்படி எழுதுவது? பாடத்துக்கு ஒரு வரி என்று எழுதினால் படிக்கத் தெளிவாக இருக்கும். ஆனால் ஐந்து நாளுக்கு நாற்பது வரி, தலைப்புகளும் சேர்த்தால் இன்னும் கூடும். நீளமான செய்தியை வாட்ஸ்அப் பாதியில் மடித்து, மேலும் படிக்க அழுத்தச் சொல்லும். எட்டையும் காற்புள்ளி போட்டு ஒரே வரியில் எழுதினால் செய்தி சுருங்கும். ஆனால் ஆறாவது எது என்று மறுபடி விரல்விட்டு எண்ண வேண்டும்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி பள்ளி நாளுக்குள்ளேயே இருக்கிறது. மதிய உணவு இடைவேளை. எட்டுப் பீரியட் உள்ள பள்ளியில் அது பெரும்பாலும் நாலுக்கு நாலாகப் பிரிக்கிறது. நான்கு பெயர்களை எண்ண வேண்டியதில்லை. முதலாவது, கடைசி, நடுவில் இரண்டு என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். ஆகவே ஒரு நாளுக்கு இரண்டே வரி: காலை நான்கு, மதியம் நான்கு. மணி நேரத்தையும் அதே நாலுக்கு நாலாக மேலே எழுதிவிடலாம்.

உதாரணத்துக்கு ஒரு பத்தாம் வகுப்பை எடுத்துக்கொள்வோம். நாற்பது நிமிட பீரியட், காலை 9.30 மணிக்குத் தொடக்கம், இரண்டு சிறு இடைவேளை, 12.20 மணிக்குச் சாப்பாடு. அந்த வகுப்பின் வாரம் முழுவதும் இதோ:

```
*10 ஆ பிரிவு டைம்டேபிள்*
2025 ஜூன் 16 முதல்

*பீரியட் தொடங்கும் மணி*
காலை: 9.30, 10.10, 11.00, 11.40
மதியம்: 1.10, 1.50, 2.40, 3.20

*திங்கள்*
காலை: தமிழ், கணக்கு, ஆங்கிலம், அறிவியல்
மதியம்: சமூகம், கணக்கு, தமிழ், விளையாட்டு

*செவ்வாய்*
காலை: தமிழ், கணக்கு, அறிவியல், ஆங்கிலம்
மதியம்: சமூகம், அறிவியல், ஆங்கிலம், நூலகம்

*புதன்*
காலை: கணக்கு, தமிழ், சமூகம், ஆங்கிலம்
மதியம்: செய்முறை, செய்முறை, கணக்கு, ஓவியம்

*வியாழன்*
காலை: ஆங்கிலம், அறிவியல், கணக்கு, தமிழ்
மதியம்: சமூகம், தமிழ், ஆங்கிலம், விளையாட்டு

*வெள்ளி*
காலை: அறிவியல், கணக்கு, தமிழ், சமூகம்
மதியம்: ஆங்கிலம், சமூகம், கணக்கு, கணினி
```

வெற்று வரிகளை விட்டு எண்ணினால் இருபது வரி. சின்னத் திரையில் ஒரு வரி இரண்டாக மடியலாம். மடிந்தாலும் கெடுவதற்கு ஒன்றுமில்லை, ஏனென்றால் எந்தப் பாடமும் இன்னொன்றுக்கு நேர்க்கீழே நிற்க வேண்டிய கட்டாயம் இல்லை. மடிந்தாலும் பொருள் கெடாத வரிதான் அரட்டைச் செய்திக்கு ஏற்ற வரி.

புதன்கிழமை மதியத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். செய்முறை இரண்டு பீரியட் தொடர்ந்து வருகிறது. 'செய்முறை 2 பீரியட்' என்று ஒரே இடத்தில் சுருக்கி எழுதியிருக்கலாம். அப்படி எழுதியிருந்தால் அந்த வரியில் மூன்று பெயர்கள்தான் இருக்கும்; கணக்கு இரண்டாவதாகத் தெரியும்; மேலே உள்ள மணியோடு ஒப்பிட்டால் 1.50 என்று தப்பாக வரும். உண்மையில் கணக்கு 2.40 மணிக்கு. ஆகவே இந்த முறையில் ஒரு கட்டுப்பாடு உண்டு: ஒவ்வொரு வரியிலும் நான்கு இடமும் நிரம்பியிருக்க வேண்டும். இரட்டைப் பீரியட் என்றால் பெயரை இரண்டு முறை எழுத வேண்டும். ஆசிரியர் இன்னும் வராத பீரியட் என்றால் 'படிப்பு' என்றாவது எழுத வேண்டும். வெறுமனே விட்டால் பின்னால் வரும் எல்லாம் ஓர் இடம் முன்னே நகர்ந்துவிடும்.

பாடப் பெயரிலும் ஒரு சீர்மை வேண்டும். 'சமூக அறிவியல்' என்று முழுவதும் எழுதாமல் 'சமூகம்' என்று எழுதியதற்குக் காரணம், 'அறிவியல்' என்ற சொல் இரண்டு பாடத்திலும் வந்தால் அவசரத்தில் கண் குழம்பும் என்பதுதான். ஓரிடத்தில் கணக்கு, இன்னோரிடத்தில் கணிதம், மற்றோரிடத்தில் மேத்ஸ் என்று மாற்றி எழுதினால் தேடும்போது எல்லாம் ஒன்றாக அகப்படாது. வீட்டில் பிள்ளை சொல்லும் பெயர் எதுவோ அதையே கடைசிவரை எழுதலாம்.

எக்செல்லிலிருந்து நேரே வரியாக

அட்டவணை எக்செல்லிலோ கூகுள் ஷீட்ஸிலோ ஏற்கெனவே இருந்தால் இருபது வரியையும் கையால் தட்ட வேண்டியதில்லை. முதல் பத்தியில் கிழமையும், அடுத்த எட்டுப் பத்திகளில் பாடங்களும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஓரமாக இரண்டு காலிக் கட்டங்களில் இப்படி எழுதினால் போதும்:

```
="காலை: "&TEXTJOIN(", ",FALSE,B2:E2)
="மதியம்: "&TEXTJOIN(", ",FALSE,F2:I2)
```

கட்டங்களில் உள்ள பெயர்களைக் காற்புள்ளியோடு கோத்து ஒரே வரியாகத் தருவது இந்தச் சூத்திரத்தின் வேலை. எக்செல் 2019 முதல் இது உண்டு. கீழே இழுத்தால் ஐந்து நாளுக்கும் வந்துவிடும்.

நடுவில் உள்ள FALSE என்ற சொல்லை மாற்றிவிடாதீர்கள். பல இடங்களில் TRUE என்று போடச் சொல்லிக் கொடுப்பார்கள். TRUE என்றால் காலிக் கட்டத்தைத் தாண்டிப் போ என்று பொருள். டைம்டேபிளில் அதுதான் ஆபத்து. செய்முறைக்காக இரண்டு கட்டங்களை ஒன்றாக இணைத்து வைத்திருப்போம். அப்படி இணைத்தால் பெயர் முதல் கட்டத்தில் மட்டும்தான் இருக்கும், இரண்டாவது உள்ளுக்குள் காலி. TRUE அதைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். FALSE என்று இருந்தால் 'செய்முறை, , கணக்கு' என்று இரண்டு காற்புள்ளி அடுத்தடுத்து நிற்கும். அதைப் பார்த்ததும் அங்கே ஒரு பெயர் குறைகிறது என்று நமக்குத் தெரிந்துவிடும்.

நேரம் நாளுக்கு நாள் மாறினால்

டியூஷன், பாட்டு வகுப்பு, கராத்தே போன்றவற்றுக்குப் பள்ளி மணி கிடையாது. திங்கள் மாலை ஒரு நேரம், சனிக்கிழமை விடியற்காலை இன்னொரு நேரம். இங்கே மாறாதது என்று பிரித்தெடுக்க ஒன்றுமில்லை. ஆகவே ஒவ்வொரு வரியும் தனியாகவே முழுச் செய்தியைச் சொல்ல வேண்டும்:

```
திங்கள் மாலை 5.30-6.30: கணக்கு
புதன் மாலை 6.00-7.00: அறிவியல்
சனி காலை 6.00-7.30: கணக்கு
ஞாயிறு காலை 10.00-11.00: தேர்வு
```

நேரத்துக்கு முன்னால் காலை, மாலை என்ற சொல் கட்டாயம் வேண்டும். புதனும் சனியும் ஆறு மணிதான். ஒன்று மாலை, இன்னொன்று விடிந்த உடனே. வெறும் 6.00 என்று எழுதி, சனிக்கிழமை மாலை வந்து பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பும் மாணவர்கள் உண்டு. கிழமை, பொழுது, மணி, பாடம் என்ற வரிசையை எல்லா வரியிலும் அப்படியே காப்பாற்றினால், ஒரு வரியை மட்டும் வெட்டி இன்னொருவருக்கு அனுப்பினாலும் பொருள் முழுதாகப் போய்ச் சேரும்.

குறிகளின் குணம்

தலைப்பின் இரு பக்கமும் நட்சத்திரக் குறி போட்டால் வாட்ஸ்அப் அதைத் தடித்த எழுத்தாகக் காட்டும். குறி சொல்லோடு ஒட்டி இருக்க வேண்டும். நடுவே ஸ்பேஸ் விட்டால் தடிப்பு வராது, நட்சத்திரம் மட்டும் நிற்கும். ஒவ்வொரு தலைப்புக்கும் அதே வரியிலேயே தொடங்கி அதே வரியிலேயே முடித்துவிடுவது நல்லது. டெலிகிராமில் இரு பக்கமும் இரண்டிரண்டு நட்சத்திரம் தட்டினால்தான் தடிப்பு. குறுஞ்செய்தியில் தடிப்பே கிடையாது. ஆகவே தடிப்பு போய்விட்டாலும் செய்தி விளங்குகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். நாட்களைப் பிரிப்பது உண்மையில் நட்சத்திரம் அல்ல, நடுவே விட்ட வெற்று வரிதான். அது எங்கே போனாலும் கூடவே போகும்.

நெடுங்கோடும் சிறுகோடும் வரிசையாகப் போட்டுக் கட்டம் வரைவதைத் தவிர்த்துவிடலாம். திரையில் அது மடிந்து சிதறும் என்பது ஒரு பக்கம். செய்தியைக் காதால் கேட்பவருக்கு, பாடத்தின் பெயர் வருமுன் குறிகளின் பெயர்கள் ஒவ்வொன்றாக வாசிக்கப்படலாம் என்பது இன்னொரு பக்கம். காற்புள்ளியும் முக்காற்புள்ளியும் உள்ள வரி, காதால் கேட்கும்போதும் இயல்பான பேச்சாகவே விழும்.

பட்டன் போன் வீடுகளுக்கு

வகுப்பில் சில வீடுகளில் பட்டன் போன்தான் இருக்கும். அங்கே போக வேண்டியது குறுஞ்செய்தி. ஆங்கில எழுத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 இடம். தமிழில் 70 மட்டுமே, அதுவும் எக்செல் எண்ணுவதைப் போலக் கொம்பையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணித்தான். 'செவ்வாய் காலை: தமிழ், கணக்கு, அறிவியல், ஆங்கிலம்' என்ற வரி அந்தக் கணக்கில் 48 இடம். அரை நாள் ஒரு செய்தியில் வசதியாக அடங்கும். முழு நாள் அடங்காது. எழுபதைத் தாண்டினால் செய்தி பல துண்டாக உடைந்து போகும், துண்டுக்கு 67 இடம்தான் கிடைக்கும். ஆகவே இந்த வீடுகளுக்கு வாரம் முழுவதையும் ஒன்றாக அனுப்பாமல், முந்தின நாள் மாலை மறுநாளுக்கான இரண்டு வரியை இரண்டு செய்தியாக அனுப்பலாம். தமிழ் எழுத்து தெரியாமல் கட்டம் கட்டமாகக் காட்டும் பழைய போன் என்றால், பாடப் பெயர்களை ஆங்கில எழுத்தில் எழுதுவதைத் தவிர வேறு வழியில்லை.

டைம்டேபிள் மாறும்போது

முதல் மாதத்திலேயே இரண்டு முறையாவது டைம்டேபிள் மாறும். வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியைத் திருத்தப் பதினைந்து நிமிடம்தான் அவகாசம். அதற்குப் பிறகு பழையது பழையதாகவே குழுவில் கிடக்கும், யாராவது அதை எடுத்து மறுபடி அனுப்புவார்கள். தலைப்புக்குக் கீழே 'எந்தத் தேதி முதல்' என்று ஒரு வரி எழுதுவது இதற்காகத்தான். இரண்டு டைம்டேபிள் எதிரெதிரே வந்தால் எது புதிது என்று அந்த வரியே சொல்லிவிடும். அந்த வாரத்துக்கு மட்டுமான மாற்றம் என்றால் மாறிய வரியை மட்டும் தேதியோடு அனுப்பினால் போதும். நிரந்தர மாற்றம் என்றால் இருபது வரியையும் புதிய தேதியோடு முழுவதும் அனுப்பி, குழுவின் மேலே பின் செய்து வைக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் அதிகபட்சம் 30 நாள் வரை அப்படி வைக்கலாம்.

இந்த முறை ஒரு வகுப்பின் வாரத்துக்கு ஏற்றது. பள்ளி முழுவதுக்குமான பெரிய அட்டவணைக்கு ஏற்றதல்ல. ஒரே ஆசிரியருக்கு ஒரே பீரியடில் இரண்டு வகுப்பு விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால் மேலிருந்து கீழாகவும் படித்தாக வேண்டும்; அதற்குக் கட்டமிட்ட தாளே வேண்டும். கல்லூரிகளில் கிழமைக்குப் பதிலாக டே ஆர்டர் வைத்திருப்பவர்கள், கிழமைப் பெயர் இருக்கும் இடத்தில் டே ஆர்டர் எண்ணை எழுதிக்கொள்ளலாம். ஆனால் நாளைக்கு எந்த ஆர்டர் என்பதை இந்தச் செய்தி சொல்லாது. அதைத் தனியே தெரிவிக்க வேண்டியிருக்கும்.

குழுவில் போடுமுன் ஒரு சோதனை செய்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் நமக்கு நாமே செய்தி அனுப்பிக்கொள்ள வசதி இருக்கிறது. அதில் அனுப்பி, போனின் எழுத்து அளவைப் பெரிதாக்கிப் பாருங்கள். பிறகு அந்தச் செய்தியை வீட்டில் வேறொருவரிடம் காட்டி, புதன்கிழமை மதியம் மூன்றாவது பீரியட் என்ன, எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். கணக்கு, 2.40 என்று விரல் வைத்து எண்ணாமல் பதில் வந்தால், செய்தியைக் குழுவுக்கு அனுப்பலாம். தயங்கினால், எந்த வரியில் தயங்கினார்கள் என்று பார்த்து அந்த வரியை மட்டும் திருத்துங்கள்.